நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள்: எப்படிக் காக்கின்றன? யாருக்கு அவசியம்?

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வயது முதிர்ந்தவர்களிடம் நிமோனியாத் தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஹஜ்ஜுக்குப் போனபோதே ஊசி போட்டாயிற்று" என்ற பதிலைப் பலமுறை கேட்கிறோம். இந்தப் பதிலில் ஒரு பெயர்க் குழப்பம் ஒளிந்திருக்கிறது. ஹஜ் பயணிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருப்பது மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமிக்கான ஊசி. அது மூளை உறைக் காய்ச்சலைத் தடுக்கும். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் வேறொரு கிருமி. முன்னதற்குப் போட்ட ஊசி பின்னதற்கு எந்தக் காப்பும் தராது. ஆகவே ஹஜ் ஊசி போட்டுக்கொண்ட பெரியவரும் நிமோனியாவைப் பொறுத்தவரை ஊசி போடாதவரே ஆவார். இதனை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு செய்திக்குள் செல்வோம்.

இரு கிருமிகளின் கூட்டு

இன்ஃபுளூயன்சா என்பது ஒரு வைரஸ். அதைத்தான் சுருக்கமாக ஃப்ளூ என்கிறோம். நியூமோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. இது நோயில்லாத பலருடைய மூக்கிலும் தொண்டையிலும், குறிப்பாகக் குழந்தைகளிடத்தில், எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலும், அதன் மேல் அசையும் நுண்ணிய இழைகளும் அதனை நுரையீரலுக்குள் இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஃப்ளூ வந்தால் அந்தத் தோல் உரிந்து புண்ணாகிறது. காவல் விலகிய வழியாகத் தொண்டையில் இருந்த நியூமோகாக்கஸ் கீழே இறங்கி நிமோனியாவை ஏற்படுத்துகிறது. காய்ச்சல் தணிந்து எழுந்து நடமாடத் தொடங்கிய பெரியவருக்கு ஐந்தாறு நாட்களில் மீண்டும் குளிர்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வருவது பெரும்பாலும் இப்படித்தான். 1918ஆம் ஆண்டு உலகை உலுக்கிய ஃப்ளூவில் இறந்தவர்களுள் பெரும்பாலோர், வைரஸைத் தொடர்ந்து வந்த இத்தகைய பாக்டீரியா நிமோனியாவால்தான் இறந்தார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இவ்விரு தடுப்பூசிகளையும் சேர்த்தே பேசுவதற்கு இதுவே காரணம்.

நியூமோகாக்கஸ் ஊசி செயல்படும் விதம்

நியூமோகாக்கஸைச் சுற்றிச் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வழவழப்பான உறை ஒன்று உண்டு. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதைப் பிடித்து விழுங்க முயலும்போது இந்த உறை வழுக்கிவிடுகிறது. அந்த உறையின் மீது எதிர்ப்பொருள் என்னும் புரதம் ஒட்டிக்கொண்டால் பிடி கிடைத்துவிடுகிறது. கிருமியை நுழையவிடாமல் அந்தப் பிடியை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைப்பதே தடுப்பூசியின் வேலை. இந்த உறையில் ஏறக்குறைய நூறு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றொரு வகைக்குப் பெரும்பாலும் பயன்படாது. ஆகையால் அதிகமாக நோய் தரும் வகைகளைத் தேர்ந்தெடுத்தே ஊசியில் சேர்க்கிறார்கள்.

இதில் இரு விதமான ஊசிகள் உள்ளன. முதலாவது, 23 வகை உறைகளின் சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்டது. 1983ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கிறது. வெறும் சர்க்கரைப் பொருளைக் கண்டால் உடல் எதிர்ப்பொருளைச் சுரக்கும். ஆனால் அதை நினைவில் வைத்துக்கொள்ளாது. சில ஆண்டுகளில் பாதுகாப்பு குறைந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் இதற்குச் சரியாகப் பதிலளிப்பதே இல்லை.

இரண்டாவது, அதே சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யப்படும் இணைப்பு ஊசி. புரதம் சேர்ந்தவுடன், நோய் எதிர்ப்புப் படையின் தளபதிகளைப் போன்ற டி அணுக்கள் துணைக்கு வருகின்றன. அதனால் நினைவாற்றல் உள்ள, நீடித்த எதிர்ப்பு உருவாகிறது. பச்சிளங்குழந்தைகளுக்கும் பயன் தருகிறது. தொண்டையில் கிருமி குடியேறுவதையும் இது குறைப்பதால், பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டனாரையும் ஓரளவு காக்கிறது. நம் நாட்டில் 2021 முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு அரசு இதனை ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகளில் இலவசமாகப் போடுகிறது. பெரியவர்களுக்கு 13, 20 என வெவ்வேறு எண்ணிக்கையில் வகைகளைக் கொண்ட இணைப்பு ஊசிகள் வந்துள்ளன.

இதன் பலன் எவ்வளவு? நெதர்லாந்து நாட்டில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 85,000 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா சுமார் 45 விழுக்காடு குறைந்தது. அவ்வகைகள் இரத்தத்தில் கலந்து பரவும் கடுமையான நோய் 75 விழுக்காடு குறைந்தது. நிமோனியாவை முழுவதுமாக இந்த ஊசி ஒழிக்காது என்பதையும், உயிரைப் பறிக்கும் கடுமையான நிலையை அது நன்றாகத் தடுக்கிறது என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே சொல்கின்றன.

ஃப்ளூ ஊசி ஏன் ஆண்டுதோறும்?

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைப் பார்த்துத்தான் நம் உடல் அதனை அடையாளம் காண்கிறது. அந்த முட்களின் வடிவம் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு உண்டான எதிர்ப்பொருளுக்கு இந்த ஆண்டின் வைரஸ் அந்நியராகத் தோன்றும். ஊசியால் உண்டாகும் எதிர்ப்பும் சில மாதங்களில் குறைகிறது. எனவே உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்து ஊசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. கணிப்பு பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரை நாடும் அளவுக்கான ஃப்ளூ 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. பொருந்தாத ஆண்டுகளில் அதைவிடக் குறைவாகவே பயன் கிடைக்கும்.

ஊசி போட்டு இரண்டு வாரங்களுக்குப் பின்னரே பாதுகாப்பு உருவாகிறது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ மிகுவதால், செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் போட்டுக்கொள்வது பொருத்தமானது.

யாருக்கு அதிகப் பயன்?

முதலாவதாக, 65 வயதைக் கடந்தவர்கள். அமெரிக்காவில் 2024 முதல் நியூமோகாக்கஸ் ஊசிக்கான வயதை 50 ஆகவே குறைத்துவிட்டார்கள். அடுத்து, வயது எதுவாயினும், நீரிழிவு, ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வந்த நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், நாள்பட்ட கல்லீரல் நோய் ஆகியவை உள்ளவர்கள்.

இதய நோயாளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு உயர்வதாக 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசி போட்டார்கள். ஓராண்டில் மரணம், மீண்டும் மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், போலி ஊசி பெற்றோரில் 7.2 விழுக்காடும் உண்மை ஊசி பெற்றோரில் 5.3 விழுக்காடும் ஆவர். நுரையீரலுக்குப் போட்ட ஊசி இதயத்தையும் காக்கிறது.

மூன்றாவதாக, மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள்: மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், புற்றுநோய் மருந்து அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர். உறையுள்ள கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பு மண்ணீரலே. அது இல்லாதவருக்குக் காலையில் தொடங்கிய காய்ச்சல் மறுநாளைக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். மண்ணீரலை எடுக்கும் அறுவை முன்கூட்டியே திட்டமிடப்பட்டிருந்தால், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் நியூமோகாக்கஸ் ஊசியைப் போட்டுவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி தேவை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட இயலாது. தாயின் எதிர்ப்பொருளே அக்குழந்தைக்குக் கேடயம்.

ஓர் எடுத்துக்காட்டு

68 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. நாள்பட்ட மூச்சுத்திணறலும் உண்டு. வரும் மே மாதத்தில் ஹஜ் நிய்யத்து வைத்திருக்கிறார். இதுவரை இந்த ஊசிகள் எதையும் போட்டதில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு கையில் ஃப்ளூ ஊசியும் மறுகையில் இணைப்பு ஊசியும் ஒரே நாளில் போடலாம். 20 வகை ஊசி கிடைத்தால் நியூமோகாக்கஸைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. 13 வகை ஊசியே கிடைத்தால் ஓராண்டு கழித்து 23 வகை ஊசியும் போட வேண்டும். இவருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தாலோ மண்ணீரல் இல்லாதிருந்தாலோ, அந்த ஓராண்டு இடைவெளியை எட்டு வாரங்களாகச் சுருக்குவார்கள். வரிசை மாறி 23 வகை ஊசியை முதலில் போட்டுவிட்டால், இணைப்பு ஊசிக்கு ஓராண்டு பொறுத்திருப்பது நல்லது.

மே மாதத்தில் அக்டோபர் ஊசியின் வலு பெரிதும் குறைந்திருக்கும். ஆகவே பயணத்திற்கு முன் புதிய பருவத்து ஃப்ளூ ஊசி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டு, தேவையெனில் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஹஜ்ஜுக்குரிய மெனிங்கோகாக்கஸ் ஊசி இவற்றுக்கு மேலும் தனியே உண்டு. எந்த ஊசி, எந்தத் தேதி என்பதைச் சிறு அட்டையில் குறித்து வைப்பது அவசியம். அட்டை இல்லாததனால்தான் அதே ஊசியைத் திரும்பப் போடுவதும், போடாததைப் போட்டதாக எண்ணுவதும் நிகழ்கின்றன.

சில ஐயங்கள்

"ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது" என்பார்கள். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் வரலாம். முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். கடும் காய்ச்சலில் இருப்பவர்கள் குணமான பின் போடலாம்.

பன்றி ஜெலட்டின் பற்றியும் கேட்கிறார்கள். மேலை நாடுகளில் மூக்கில் தெளிக்கும் ஒருவகை ஃப்ளூ மருந்தில் அது உண்டு. நாம் மேலே கூறிய 13 வகை, 23 வகை நியூமோகாக்கஸ் ஊசிகளில் ஜெலட்டின் இல்லை. எந்த நிறுவனத்தின் ஃப்ளூ ஊசியாயினும் உறையுடன் வரும் தாளில் உட்பொருட்கள் அச்சிடப்பட்டிருக்கும்; கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. ஊசி போட்டவருக்கும் நிமோனியா வரலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே வருவதும் உண்டு. நிமிடத்திற்கு முப்பது அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், திடீரெனப் பேச்சில் தடுமாற்றம், ஆளை அடையாளம் தெரியாமை, உதடு நீலமாதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீடித்த ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.