சுவருக்கு வலிக்காமல் ஒரு கேபிள்

வாடகை வீட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு இன்டர்நெட் கேபிள் போக வேண்டும். ஆணி அடித்தால் அட்வான்ஸில் கை வைப்பார் வீட்டுக்காரர். ஒட்டுகிற பிவிசி கேசிங்கும் டிஸ்டெம்பர் சுவருக்கு ஆகாது. கழற்றும்போது பெயின்ட், பட்டி எல்லாம் கூடவே வரும். தரையோரத்து ஸ்கர்ட்டிங் டைல்ஸ்தான் தோதான இடம். பிசுக்குப் போகத் துடைத்து, காய்ந்தபின் ஒட்டுங்கள்.

மூலையில் கேபிளை ஒடித்து மடக்காதீர்கள். ஒரு அங்குல ஆரத்திலாவது வளையட்டும். உள்ளே ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போனாலும் நெட் வரலாம். வேகம் மட்டும் 1000 மெகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கிவிடும். ஆளுக்குத் தெரியவும் தெரியாது!

முனையில் சாக்கெட்டுக்குச் சுவரைக் குடையாமல், மேலே ஒட்டும் சின்னப் பெட்டியை அதே டைல்ஸில் பொருத்துங்கள். காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பின்னால் நைலான் நூலை விட்டு அறுத்தால் கழன்றுவிடும்.