அலாரம் வையுங்க, கேட்டுட்டுத் தொடுங்க
(குரும்பகரத்தில் தாய்மார்களிடம் பேசிய உரை)



நடக்க முடியாத, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாத 14 வயசுப் பெண் வீட்டில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாப்கின் நனைந்தது அவளுக்கே தெரியாது. அதனால் மாதவிடாய் நாட்களில் உங்க போனில் 4 மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வையுங்க. பகலில் 6 மணி நேரத்தைத் தாண்ட விடாதீங்க. ஈரம் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும்.

மாற்றும் முறையைப் பார்ப்போம். புது நாப்கின், வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மெல்லிய துணி, பழைய காகிதம், ரப்பர் ஷீட் எல்லாவற்றையும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்க. கதவைச் சாத்திவிட்டு, "மாத்தலாமாம்மா?" என்று கேட்டுட்டுத் தொடுங்க. அவள் கையால் செய்யக்கூடியதை அவளே செய்யட்டும். ஒட்டும் காகிதத்தை உரிப்பது மட்டும் என்றாலும் அது அவள் வேலைதான்.

மல்லாக்கப் படுக்கவைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்க முழங்காலை மடக்குங்க. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உங்கள் பக்கம் திருப்பினால் ஒருக்களித்து வந்துவிடுவாள். தூக்க வேண்டியதில்லை. ஜட்டியின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து வெல்க்ரோ வைத்துத் தைத்துவிட்டால், காலைத் தூக்கிக் கழற்றும் சிரமமும் இல்லை. வெல்க்ரோவின் சொரசொரப்பு மட்டும் தோலில் படக்கூடாது.

துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு. மாறித் துடைத்தால் மலத்துக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். பிறகு ஈரம் ஒற்றி எடுங்க. புது நாப்கினைச் சுருக்கமில்லாமல், கொஞ்சம் பின்பக்கமாகத் தள்ளி ஒட்டுங்க. உட்கார்ந்தும் படுத்தும் இருப்பவர்களுக்கு உதிரம் பின்னால்தான் போகும்.

அப்போதே முதுகுத்தண்டின் அடியையும் பிட்டத்து எலும்பு மேட்டையும் பாருங்க. சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பம். நம்ம நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். அங்கே மட்டும் கருத்து, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்க. இருந்தால் அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்கவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. காய்ச்சல், கெட்ட வாடை இருந்தாலும் அப்படியே.

நாப்கின் செலவுக்கு, மக்கள் மருந்தகத்தில் 'சுவிதா' நாப்கின் ஒன்று 1 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று. "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று யாராவது சொல்வாங்க. 1994-ல் புனேயில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு இதே காரணம் சொல்லி சசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகே அது நின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 10-ஆம் பிரிவு, புரிந்துகொண்டு தரும் சம்மதம் இல்லாமல் குழந்தைப் பேற்றை இல்லாமலாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது என்கிறது. உதிரப்போக்கு அதிகம், வலி தாங்கவில்லை என்றால் மாத்திரை போன்ற வழிகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் அவளையும் கூட்டிப் போய், அவள் முன்னாலேயே பேசுங்க.