பழைய பாஸ்வேர்டை மறக்கச் சொல்லுங்கள்

வீட்டு வைஃபை ரூட்டரில் பாஸ்வேர்டை மாற்றுகிறோம். அதன் பிறகு போன் இணைய முயல்கிறது, தோற்கிறது, மறுபடி முயல்கிறது. ரூட்டர் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. புதிய பாஸ்வேர்டை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அது இணைந்தால் ரூட்டரில் குறையில்லை. வைஃபையின் பெயர் மாறாததால், அந்தப் பெயரோடு சேமித்த பழைய பாஸ்வேர்டையே உங்கள் போன் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. பூட்டை மாற்றிய பின் பழைய சாவியைப் போட்டுத் திருகுவது போலத்தான். போனை அணைத்துப் போட்டால் சரியாகாதா என்று கேட்கலாம். ஆகாது. அணைத்தாலும் சேமித்தது அழியாது.

போனின் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போங்கள். உங்கள் வைஃபை பெயரைத் தொட்டால், அல்லது அதன் பக்கத்துக் குறியைத் தொட்டால், Forget என்று வரும். ஐபோனில் Forget This Network என்றிருக்கும். அதை அழுத்துங்கள். படங்களோ எண்களோ அழியாது. அந்த ஒரு வைஃபையின் பழைய பாஸ்வேர்டு மட்டுமே போகும். பிறகு அதே பெயரைத் தேர்ந்தெடுத்து, புதிய பாஸ்வேர்டைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்த்து அடியுங்கள். டிவி, பிரிண்டர், வாசல் கேமரா ஆகியவற்றிலும் பழையதுதான் இருக்கும். அவற்றிலும் இன்றே மாற்றிவிடுங்கள்.