கோடையும் கஸ்டர்டு கேக்கும்

சில உணவுப் பண்டங்கள் கெட்டுவிட்டால் நாற்றத்தினால் தம்மைத் தாமே காட்டிக் கொடுத்துவிடும். புளித்த பால் அவ்வாறானது. பூசணம் பூத்த ரொட்டியும் அவ்வாறானதே. ஆனால் கஸ்டர்டோ கிரீமோ நிரப்பிய கேக் இந்த வகையைச் சேர்ந்ததன்று. பார்வைக்கு அழகாக, வாய்க்கு இனிமையாக, மூக்குக்கு மணமாக இருந்துகொண்டே அது உண்டவரை நோயில் ஆழ்த்த வல்லது. அது ஏன், அதனைத் தடுப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

1930ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் கெயில் டாக் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு கேக்கை ஆராய்ந்தார்கள். நடுவே கிரீம் வைத்த மெதுவான கேக் அது. அதை உண்டவர்கள் சில மணி நேரத்துக்குள் கடுமையாக வாந்தியெடுத்து நோயுற்றிருந்தார்கள். அந்தக் கேக்கில் ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் கிருமி மிகுதியாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அக்கிருமியைத் திரவத்தில் வளர்த்து, பிறகு கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் தாமாக முன்வந்த சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே நோய் கண்டது. ஆகவே நோயை உண்டாக்குவது கிருமியின் உடலன்று, அது கக்கிய நஞ்சே என்பது தெளிவாயிற்று.

இந்த நஞ்சுக்கு இரண்டு குணங்கள் உண்டு. அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை; எனவே முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. இரண்டாவதாக, கொதிக்க வைத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. கிருமி இறந்துபோகும், நஞ்சோ தங்கிவிடும். ஆகையினால் நாம் செய்யக் கூடியது ஒன்றே: நஞ்சு உண்டாகும் அளவுக்குக் கிருமியைப் பெருக விடாதிருத்தல்.

அக்கிருமி கேக்குக்குள் எவ்வாறு வருகிறது? பாலையும் முட்டையையும் சோளமாவையும் சேர்த்து அடுப்பில் கொதிக்க வைக்கும்போதே கஸ்டர்டிலிருந்த ஸ்டெபிலோகாக்கஸ் இறந்துவிடுகிறது. அது மீண்டும் வருவது நம் கையிலிருந்துதான். ஆரோக்கியமான மனிதர் பலருடைய மூக்கிலும் தோலிலும் அது குடியிருக்கிறது. சீழ் வைத்த புண்ணில் மிகுதியாக இருக்கிறது. கஸ்டர்டை விரலால் தொட்டுச் சுவை பார்ப்பதும், சுவைத்த கரண்டியையே மறுபடி விடுவதும், விரலில் வெட்டுக்காயத்தோடு கேக்குக்குக் கிரீம் தடவுவதும் போதுமானவை. கொதித்து முடிந்த கஸ்டர்டில் அதற்குப் போட்டியாக வேறு கிருமிகளும் அதிகம் இல்லை. வயல் உழுது தயாராக இருக்கிறது. விதை மட்டும் விழுகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் கஸ்டர்டில் 100 கிருமிகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், அவை வளரத் தொடங்கிய பின்னர், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கொள்ளலாம். இரண்டு மணி நேரத்தில் 1,600 ஆகும். நான்கு மணி நேரத்தில் 25,600. ஐந்து மணி நேரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். நோயுண்டாக்கும் அளவு நஞ்சு சேர்வது கிருமிகள் இவ்வாறு லட்சக்கணக்கில் பெருகிய பின்னரே. முதல் இரண்டு மணி நேரத்தில் அஞ்சத் தக்கது அதிகமில்லை; அதற்கு மேல் ஒவ்வொரு மணியும் முந்திய மணியைக் காட்டிலும் நான்கு மடங்கு அபாயமுடையது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தைக் கவனிக்க வேண்டும். மேலைநாட்டுச் சமையல் நூல்கள், ‘கஸ்டர்டை அறையின் வெப்பத்துக்கு ஆறவிடுக’ என்று கூறும். அவர்கள் அறையின் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி. சென்னையில் மே மாதத்தில் சமையலறையின் வெப்பம் 35 டிகிரியைத் தொடும். அங்கே எத்தனை நேரம் வைத்தாலும் கஸ்டர்டு 35க்குக் கீழே இறங்காது. ‘நன்றாக ஆறிவிட்டது’ என்று நாம் கருதும் அந்த நிலைதான் கிருமிக்கு மிகவும் உகந்த நிலை! 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்டதே அபாய எல்லை. கோடையில் நம் வீட்டுக் காற்று அந்த எல்லையைக் கடக்க உதவாது. பனிக்கட்டிதான் உதவும்.

செய்முறையைச் சொல்கிறேன். முட்டையும் சோளமாவும் சேர்ந்த கஸ்டர்டை, கிளறிக்கொண்டே, குமிழ் விட்டுக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருங்கள். இல்லையேல் முட்டைக் கருவிலுள்ள ஒரு பொருள் மாவைக் கரைத்து, மறுநாள் கஸ்டர்டு நீர்த்துப் போகும். இறக்கியவுடன் ஆழமான பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அகலமான தட்டில், இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் ஊற்றுங்கள். உயரம் பாதியானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். அத்தட்டைப் பனிக்கட்டி மிதக்கும் நீரின்மேல் வைத்துச் சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கிளறுங்கள். தொட்டால் குளிர்ந்திருக்கும் நிலை வந்ததும், ஏடு படியாதவாறு தூய எண்ணெய்த் தாளை மேலே ஒட்டப் போர்த்திக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே பெட்டிக்குள் தள்ளினால் அது தானும் விரைவில் குளிராது; பக்கத்திலுள்ள பாலையும் சூடாக்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் 60இலிருந்து 21 டிகிரிக்கும், அதன்பின் நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்கவேண்டும் என்பது விதி. கேக்கும் முற்றிலும் ஆறிய பின்னரே கஸ்டர்டை வைக்கவேண்டும். பெட்டியினுள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்ப்பது நல்லது. அடிக்கடி திறக்கும் பெட்டி 5 டிகிரியில் நிற்பதில்லை.

மாலை ஆறு மணிக்கு ஒரு பிறந்த நாள் விருந்து என்று கொள்வோம். முதல் நாள் இரவே கஸ்டர்டைச் செய்து குளிரவைக்கலாம். மறுநாள் பிற்பகல், கேக்கை நிரப்ப 20 நிமிடம். பிறகு மீண்டும் பெட்டி. விருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல 20 நிமிடம். மெழுகுவத்தி ஏற்றி, வெட்டி, பரிமாற 20 நிமிடம். ஆக, வெளியில் இருந்தது ஒரு மணி. காற்று 32 டிகிரிக்கு மேலிருக்கும் நாளில் அனுமதிக்கத் தக்கது இந்த ஒரு மணியே; அதற்குக் குறைவான நாளில் இரண்டு மணி. இந்த நேரங்களைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். இடையில் பெட்டிக்குள் வைத்ததனால் கழிந்த நேரம் அழிந்துவிடாது. ஏனெனில் குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்கவே செய்கிறது. மேசையில் மூன்று மணி நேரம் கிடந்த மிச்சக் கேக்கை நாளைக்கென்று எடுத்து வைப்பது சிக்கனமாகாது.

பெட்டியை விட்டு வெளியே வராத கஸ்டர்டு கேக் இரண்டு நாள் நல்லது. பாலாடைக் கிரீம் கேக்கை மூன்றாம் நாளுக்குமேல் வைக்கலாகாது. மின்சாரம் நின்றால், திறவாத பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். வெண்ணெயில் மிகுந்த சர்க்கரை கலந்த கிரீமில் நீர் குறைவாதலால் கிருமி எளிதில் வளராது. கோடை விருந்து வெளியிடத்தில் நடக்குமாயின் உருகும் குறையைப் பொறுத்துக்கொண்டு அதையே தேர்ந்தெடுக்கலாம். நிரப்பாத கேக்கை உறையவைத்துச் சேமிக்கலாம். சோளமாவுக் கஸ்டர்டை உறையவைத்தாலோ, இளகும்போது நீர் பிரிந்து கேக்கை நனைத்துவிடும்.

ஒரு கேக்கைப் பற்றி ஐயம் எழுந்தால் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால், அதை உண்ணாமல் விடுவதே முறை.