கண்ணால் கேட்கும் குழந்தைக்கு முதல் சொற்கள்
(விழுப்புரத்தில் பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



காது கேளாத பிள்ளைகளை உடைய தாய் தந்தையர் சிலர் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் இங்கே வந்திருக்கிறீர்கள். பிள்ளையிடம் முதன்முதலில் எந்தச் சைகையைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று கேட்டீர்கள். அதை மட்டும் இன்று நாம் பார்ப்போம்.

ஒரு சைகையில் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும். கையின் உருவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு, முகம். இவற்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறக்கூடும்.

முதலில் 'சாப்பிடு'. சோற்றுக் கவளத்தை எடுப்பது போல ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றாகக் குவியுங்கள். அந்தக் குவிந்த விரல்களை வாயருகே இரண்டு முறை கொண்டு போங்கள். அடுத்தது 'தூங்கு'. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சற்றே சாயுங்கள். இந்த இரண்டும் நமக்குப் புதியவை அல்ல.

'அம்மா', 'அப்பா' என்பவற்றைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தியச் சைகை மொழியில் பெண்ணுக்கு மூக்குத்தி அடையாளம், ஆணுக்கு மீசை அடையாளம். ஆள்காட்டி விரலின் நுனியால் மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட்டால் பெண். மேலுதட்டின் மேல் மீசை இருக்கும் இடத்தில் விரலை ஓட்டினால் ஆண். தாய் தந்தையரைக் குறிக்கவும் பல இடங்களில் இவற்றையே வழங்குகிறார்கள். அம்மா மூக்குத்தி அணியாவிட்டாலும், அப்பா மீசையை மழித்திருந்தாலும் சைகை மாறுவதில்லை. ஆகவே இது வெறும் நடிப்பு அல்ல, சொல்.

இனி கேள்விக்கு வருவோம். கையை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, இப்படியும் அப்படியும் சற்று அசைத்தால் அது கேள்விச் சொல். 'அப்பா எங்கே?' என்று கேட்க, முதலில் மீசை, பிறகு இந்தக் கை. கேள்விச் சொல் கடைசியில் வருவதைப் பாருங்கள். 'இல்லை' என்பதும் அப்படியே கடைசியில்தான் வரும். தமிழ் பேசும் நமக்கு இந்த வரிசை எளிதாக வரும்.

பெற்றோர் அதிகமாகத் தவறவிடுவது முகத்தைத்தான். தமிழில் 'சாப்பிடு' என்றால் கட்டளை, 'சாப்பிடுகிறாயா?' என்று முடிவில் ஓர் 'ஆ' சேர்ந்தால் கேள்வி. சைகை மொழியில் அந்த 'ஆ' முகத்தில் இருக்கிறது. புருவத்தை உயர்த்தி, கண்ணை விரித்து, தலையைச் சற்று முன்னே நீட்டிக் கை காட்டினால் கேள்வி. முகத்தை அசைக்காமல் கையை மட்டும் காட்டினால் பிள்ளைக்கு அது கட்டளை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாய் அடுப்பைப் பார்த்தபடியே குவித்த விரல்களை வாயருகே கொண்டு போகிறாள். பசியில்லாத பிள்ளை முரண்டு பிடிக்கிறது. பிடிவாதம் என்று தாய் கோபிக்கிறாள். அவள் கேட்டது கேள்வி, பிள்ளை கண்டது கட்டளை. அவள் திரும்பி, பிள்ளையின் தோளைத் தொட்டு, அதன் கண் தன் முகத்துக்கு வரும்வரை பொறுத்து, புருவத்தை உயர்த்திக் கேட்டிருந்தால், பிள்ளை தலையை ஆட்டி 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும். சண்டைக்கு இடமே இருந்திராது.

ஆகவே வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். வாசற்படியில், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க நின்றால் முகம் இருண்டுவிடும். பிள்ளைக்குப் பாதிப் பேச்சு போய்விடும். நாம் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்க்கும் பழக்கமும் பிள்ளையைக் குழப்பும். 'ஆம்' என்றால் மேலும் கீழும், 'இல்லை' என்றால் இடமும் வலமும் தெளிவாக அசையுங்கள்.

பிள்ளையின் முதல் சைகைகள் மழலையாகவே இருக்கும். விரல்களைக் குவிக்கத் தெரியாமல் முழு முட்டியை வாயில் வைக்கும். அதன் கையைப் பிடித்துத் திருத்த வேண்டாம். உணவைக் கொடுத்து, நீங்கள் சரியாகச் செய்து காட்டுங்கள். 'ம்மா' என்ற குழந்தையை நாம் யாரும் அதட்டவில்லை அல்லவா?

திண்டிவனத்திலிருந்து வந்த தாய் ஒருவர், "சாமி, கையைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமா?" என்று கேட்டார். சைகை பேச்சைத் தடுப்பதில்லை. காதுக் கருவி பொருத்தியிருந்தாலும் பேச்சுப் பயிற்சி நடந்தாலும் சைகையும் கூடவே செல்லலாம். ஒரு மொழியும் இல்லாமல் ஆரம்ப வருடங்கள் கழிவதுதான் பெரிய நஷ்டம்.

சொற்கள் ஊருக்கு ஊர் சிறிது மாறும். புது டில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு தன் அகராதியை வெளியிட்டது. 2021-இல் அது 10,000 சொற்களாயிற்று. ஒவ்வொரு சொல்லையும் படக்காட்சியாகப் பார்க்கலாம். ஆனால் நம் பகுதியில் வாழும் காது கேளாத பெரியவர்களே மேலான ஆசிரியர்கள். அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். அவர்கள் பேசும்போது முதலில் கையை அல்ல, முகத்தைப் பாருங்கள்.