வாடகை ஒப்பந்தமும் ஒரு பக்கக் கட்டமும்



எங்க குழு சேலையூரில் தையல் வேலைக்கு ஒரு கடை வாடகைக்கு எடுத்தது. ஒப்பந்தத்தின் ஒரிஜினல் கட்டட உரிமையாளரிடம் இருந்தது. எங்ககிட்ட வாட்ஸ்அப்பில் வந்த மூணு போட்டோ மட்டும்தான். ஏப்ரலில் ஆரம்பிச்சது மார்ச்சில் முடியும்னு நாங்களே நினைச்சு, ஜனவரி 28 அன்று காலி செய்யறதா கடிதம் கொடுத்தோம். அவர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிச்சுக்கிட்டார். சண்டை போடலாம்னு போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தா, தப்பு எங்க பக்கம்.

அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தைப் படிச்சு, ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன். இதோ அது:

| விவரம் | ஒப்பந்தத்தில் உள்ளபடி | பக்கம் |
|---|---|---|
| கையெழுத்தான நாள் | 20-03-2024 | 1 |
| வாடகை தொடக்கம் | 01-04-2024 | 1 |
| காலம் | 11 மாதம் | 1 |
| வாடகை | ரூ. 8,500, மாதம் 5-ந் தேதிக்குள் | 2 |
| அட்வான்ஸ் | ரூ. 50,000, வட்டியில்லை | 2 |
| முன்னறிவிப்பு | 2 மாதம். குறைந்தால் அந்த நாட்களுக்கு வாடகை | 3 |

ஒப்பந்தத்தில் மூணு தேதி இருக்கும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியது, கையெழுத்துப் போட்டது, வாடகை தொடங்குவது. கணக்குக்கு மூணாவதுதான். ஏப்ரல் 1-லிருந்து பதினோரு மாதம்னா பிப்ரவரி 28. முடியும் தேதியைப் பல ஒப்பந்தங்களில் எழுதவே மாட்டாங்க, நாமதான் எண்ணணும். அதனால அதையும், கடிதம் கொடுக்க வேண்டிய டிசம்பர் 28-ஐயும் கட்டத்துக்குக் கீழே தனியா, 'நாங்கள் கணக்கிட்டது' என்று எழுதினேன். தாளில் உள்ளதும் நம்ம கணக்கும் கலந்தா, பிறகு எதை நம்புறதுன்னு தெரியாது.

வாடகைத் தொகை இருந்த இடத்தில் தாள் மடிப்பு விழுந்து, 8 என்பது 3 மாதிரி தெரிஞ்சுது. பக்கத்தில் எழுத்தால் 'எட்டாயிரத்து ஐந்நூறு' என்று இருந்ததால் தப்பிச்சோம். எழுத்தும் மங்கலா இருந்தா, ஊகிச்சு எழுதாதீங்க. 'தெளிவில்லை' என்று போட்டுட்டு ஒரிஜினலைக் கேட்டுப் பாருங்க. போட்டோ எடுக்கும்போதே தாளை மேசையில் விரிச்சு, நாலு மூலையும் தெரியற மாதிரி, ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்க.

கட்டத்தில் ஒரு வரி நான் இன்னும் இங்கே காட்டல. அது பெயர்கள். உரிமையாளர் ஒரு அம்மா, ஆனா அவங்க மகன் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்க பக்கத்தில் குழுவின் பெயரே இல்லை, அப்போதைய தலைவி அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. தலைவி மாறிட்டாங்க. அட்வான்ஸ் காசோலை அந்த அக்கா பெயருக்குத்தான் வந்தது. அவங்க நல்ல மனசோட உடனே குழுக் கணக்கில் போட்டாங்க. இப்போ புதுசா பெருங்களத்தூரில் எடுத்த கடைக்கு, பெயர் வரிசையில் 'குழு சார்பாக' என்று எழுதின பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.