பம்பில் போகிறதா, பைப்பில் போகிறதா? பட்டைப் படம் சொல்லும் கணக்கு

(பொதுக்குழுவுக்கு முன் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அடுத்த பொதுக்குழுவில் புது பம்ப் வாங்குவது பற்றி ஓட்டெடுப்பு வைத்திருக்கிறோம். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற கரண்ட் அதிகமாகிறது, அதனால் பம்பை மாற்றலாம் என்பது யோசனை. அதற்கு முன் அந்தக் கரண்ட் எந்த இடத்தில் வீணாகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அதைக் காட்ட ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். அதன் பெயர் சாங்கி படம்.

சாங்கி என்பவர் அயர்லாந்தைச் சேர்ந்த ராணுவப் பொறியாளர். நீராவி எந்திரத்தில் வெப்பம் எங்கெங்கே போகிறது என்று காட்ட 1898-ல் இப்படி ஒரு படத்தை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டதும் தண்ணீர் இறைக்கும் எந்திரம்தான், அமெரிக்காவில் லூயிவில் நகரத்தில் ஓடியது. ஆறு கிளை பிரிவதுபோல, உள்ளே வரும் சக்தியை அகலமான ஒரு பட்டையாக வரைந்து, வழியில் வீணாவதையெல்லாம் பக்கத்தில் பிரியும் கிளைகளாகக் காட்டினார். அதோடு விடாமல், இழப்பு மிகக் குறைந்த ஓர் இலட்சிய எந்திரத்துக்கும் இன்னொரு படம் வரைந்தார். எந்த இழப்பு தவிர்க்க முடியாதது, எது தவிர்க்கக்கூடியது என்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

படிக்கும் முறை

இந்தப் படத்தில் அகலம் மட்டும்தான் அளவு. பட்டை எவ்வளவு நீளம், எந்த நிறம், எந்தப் பக்கம் வளைகிறது என்பதெல்லாம் வரைபவரின் வசதி. நீளமான மெல்லிய பட்டை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது.

எந்த இடத்தில் பட்டை பிரிந்தாலும், பிரிவதற்கு முன் இருந்த அகலமும் பிரிந்தபின் உள்ள அகலங்களின் கூட்டலும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒன்று அளக்கப்படவில்லை, அல்லது தப்பாக அளக்கப்பட்டிருக்கிறது.

நம் பம்பின் படம்

நம் பம்புக்குத் தனி மீட்டர் இருப்பதால் வேலை சுலபமானது. ஒரு நாளைக்கு 20 யூனிட் ஓடுகிறது. பம்ப் 5 மணி நேரம் ஓடி 60,000 லிட்டர் ஏற்றுகிறது. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மாடித் தொட்டியின் வாய் வரை உயரம் 30 மீட்டர்.

ஒரு யூனிட் கரண்ட் கொஞ்சமும் வீணாகாமல் பயன்பட்டால், 1000 லிட்டர் தண்ணீரைச் சுமார் 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். அந்தக் கணக்குப்படி நம் 60,000 லிட்டரை 30 மீட்டர் ஏற்ற 4.9 யூனிட் போதும். நாம் கொடுப்பது 20. மீதி 15.1 யூனிட் எங்கே போகிறது?

கிராஃப் தாளில் 2 யூனிட்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்தேன். இடது ஓரத்தில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை நுழைகிறது. முதலில் மோட்டார். அங்கே 4 யூனிட் சூடாகப் போய்விடுகிறது, அது 2 சென்டிமீட்டர் கிளை. மீதி 16 யூனிட் தண்டு வழியாக பம்புக்குப் போகிறது. பம்புக்குள் தண்ணீர் சுழன்று, கலங்கி, இடைவெளிகளில் பின்னால் கசிவதில் 8 யூனிட் வீண், அது 4 சென்டிமீட்டர். வெளியே வரும் தண்ணீரில் இருப்பது 8 யூனிட். அதில் பைப், வளைவு, வால்வு இவற்றின் உராய்வில் 3.1 யூனிட் போகிறது, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். கடைசியில் தொட்டிக்குப் போய்ச் சேருவது 4.9 யூனிட், இரண்டரை சென்டிமீட்டர். கூட்டிப் பாருங்கள், 10 வரும்.

பைப்பில் போகும் 3.1 எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பம்புக்கு மேலே, நான்-ரிட்டர்ன் வால்வைத் தாண்டி ஒரு பிரஷர் கேஜ் இருக்கிறது. பம்ப் நின்றிருக்கும்போது அதில் 2.8 கிலோ காட்டுகிறது. ஒரு கிலோ என்பது சுமார் 10 மீட்டர் தண்ணீர், ஆகவே இது 28 மீட்டர். கேஜுக்குக் கீழே சம்ப் மட்டம் வரை 2 மீட்டர். மொத்தம் 30, நம் உயரம் சரியாக வந்துவிட்டது. பம்ப் ஓடும்போது அதே கேஜ் 4.7 கிலோ காட்டுகிறது. தண்ணீர் ஏறும் உயரம் கூடவில்லை. கூடிய 1.9 கிலோ, அதாவது 19 மீட்டர், முழுக்க உராய்வு. பம்ப் 30 மீட்டருக்குப் பதில் 49 மீட்டர் ஏற்றும் உழைப்பை உழைக்கிறது.

மோட்டாருக்கு 4, பம்புக்கு 8 என்று பிரித்ததில் மட்டும் கொஞ்சம் மதிப்பீடு இருக்கிறது. இரண்டும் ஒரே தண்டில் இருப்பதால் நடுவில் அளக்க முடியாது. மோட்டாரின் திறனை 80 சதவீதம் என்று எடுத்துக்கொண்டேன், மீதியை பம்பின் கணக்கில் வைத்தேன். இரண்டும் சேர்ந்து 12 யூனிட் என்பது அளந்த கணக்கு. எந்த சாங்கி படத்திலும் கழித்துக் கிடைத்த பட்டை எது என்று கேட்டு வையுங்கள். மற்ற அளவுகளின் பிழையெல்லாம் அதில்தான் வந்து சேரும்.

அகலமான பட்டையும் முதலில் கைவைக்க வேண்டிய பட்டையும்

இப்போது படத்தைப் பார்த்தால் பதில் பளிச்சென்று தெரிகிறது. அதிக இழப்பு பம்பில், 8 யூனிட். அப்படியானால் பம்பை மாற்றுவதுதானே சரி? இங்கேதான் இரண்டாவது முறை படிக்க வேண்டும்.

இந்த அளவுள்ள நல்ல பம்பே 60 சதவீதம் அளவுக்குத்தான் திறன் தரும் என்று வைத்துக்கொள்வோம். நம்முடையது 50. புது பம்ப் போட்டால், தண்ணீருக்கு வேண்டிய 8 யூனிட்டைக் கொடுக்க தண்டில் 13.3 யூனிட் போதும், மீட்டரில் 16.7 ஓடும். மிச்சம் 3.3 யூனிட். 8 யூனிட் பட்டை அப்படியே மறைந்துவிடாது. சாங்கியின் இரண்டாவது படம் சொல்வது இதைத்தான்.

மோட்டாரை 87 சதவீதத் திறனுள்ளதாக மாற்றினால் மிச்சம் 1.6 யூனிட்.

இனி மூன்று இழப்புகளில் மெல்லியதான பைப் பட்டையைப் பாருங்கள். நம்முடையது 2 அங்குல பைப், மொத்தம் 60 மீட்டர் நீளம். மணிக்கு 12,000 லிட்டர் போகும்போது வளைவுகளையும் சேர்த்து 6 மீட்டர் அளவுக்கு உராய்வு இருந்தால் நியாயம். இருப்பது 19. உராய்வை 6 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அந்தப் பட்டை 3.1-லிருந்து 1 யூனிட்டாகக் குறையும். குறைந்தது 2.1 தானே என்று தோன்றும். ஆனால் அந்த 2.1 யூனிட் பைப்புக்கு வந்து சேர, மோட்டாரிலும் பம்பிலும் இழப்பைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. பைப்பில் ஒரு யூனிட் வேண்டுமென்றால் மீட்டரில் இரண்டரை யூனிட் ஓட வேண்டும். அதனால் மீட்டரில் மிச்சமாவது 5.2 யூனிட்டுக்கு மேல்.

அகலமான பட்டையில் கைவைத்தால் 3.3, மெல்லிய பட்டையில் கைவைத்தால் 5.2. வலது ஓரத்தில், அதாவது தண்ணீர் போய்ச்சேரும் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் இழப்பு, தனக்கு முன்னால் உள்ள எல்லா இழப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே படத்தை இடமிருந்து வலமாகப் படியுங்கள், பழுதுபார்ப்பதை வலமிருந்து தொடங்குங்கள்.

படத்தின் ஓரங்கள்

எந்தப் படமும் எங்கோ தொடங்கி எங்கோ முடியும். நம் படம் மீட்டரில் தொடங்குகிறது. அனல்மின் நிலையத்திலிருந்து தொடங்கியிருந்தால், நம் 10 சென்டிமீட்டர் பட்டைக்குப் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்தில் நிலக்கரியின் வெப்பம் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி, டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீரோடு போய்விடுகிறது. உண்மையில் மிக அகலமான இழப்பு அங்கேதான். அதில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் நாம் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அங்கே மூன்று யூனிட் வெப்பத்தைக் குறைக்கிறது.

வலது ஓரத்தில் நம் படம் தொட்டியோடு முடிகிறது. தொட்டிக்குப் போன 4.9 யூனிட்டும் பயன்பட்டதாகப் படம் சொல்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தாலும், ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்க் இரவு முழுக்க ஒழுகினாலும் அது பயன் கணக்கில்தான் வரும். ஏற்றிய தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு இப்படிப் போனால், 20 யூனிட்டில் 2 யூனிட் போனதாக அர்த்தம்.

செய்ய வேண்டியது

பம்புக்கு மேலே உள்ள கேட் வால்வை பிளம்பரை வைத்துத் திருப்பிப் பார்த்தோம். கைப்பிடி சுற்றுகிறது, ஆனால் பம்ப் ஓடும்போது கேஜ் முள் அசையவே இல்லை. உள்ளே இருக்கும் தகடு பாதி வழியில் நின்றுவிட்டது என்று சந்தேகிக்கிறோம். முதலில் அதை மாற்ற வேண்டும். மாற்றியபிறகும் கேஜ் 4.7-லேயே நின்றால், பைப்புக்குள் துரு அடைத்திருக்கிறது என்று அடுத்துத் தேட வேண்டும்.

மாற்றியவுடன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடை குறைந்தால் தண்ணீர் வேகமாகப் போகும், மோட்டார் இழுக்கும் ஆம்ப் கூடும். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்ப் அளவைத் தாண்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் கூடும்போது பம்பின் திறனும் கொஞ்சம் மாறும், அதனால் 5.2 என்பது அப்படியே வராமல் சற்றுக் கூடவோ குறையவோ வரலாம். ஒரு வாரம் மீட்டரையும் ஓடும் நேரத்தையும் குறித்துப் படத்தைத் திரும்ப வரைவோம்.

பம்ப் வாங்குவதை அதுவரை தள்ளிவைக்கச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. இன்று வாங்கினால் 49 மீட்டருக்கு ஏற்ற பம்பை வாங்குவோம். வால்வு சரியானபின் நமக்குத் தேவை 36 மீட்டர். 49-க்கு வாங்கியது 36-ல் ஓடினால் தன் நல்ல திறனில் ஓடாது. அதன் ஆயுள் முழுக்க அந்த நஷ்டம் நம்மோடு இருக்கும். வால்வை மாற்றி, பிறகு 36 மீட்டருக்கு அளவெடுத்து பம்ப் வாங்கினால் 20 யூனிட் 12-க்குப் பக்கத்தில் வரும்.

பொதுக்குழுவில் ஓட்டுப் போடும்போது இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வால்வு, மறுபடி அளவு, அதற்குப் பின் பம்ப். கிராஃப் தாள் செக்யூரிட்டி அறைப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம்.